நீளமான பட்டை நிரபராதி

பழைய புத்தகங்களை இணையத்தில் விற்கும் நண்பர் ஒருவர் ஒரு நாள் கைபேசியை நீட்டினார். "அண்ணே, கடை ஷட்டர் தூக்கவே நாலு செகண்ட் ஆகுது. அதுக்குள்ள வந்தவன் திரும்பிப் போயிடறான்." முகவரியைத் தட்டினேன். வெறும் வெள்ளைத் திரை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிய பிறகுதான் கடைப் பெயரும் புத்தகப் பட்டியலும் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. குற்றவாளி யார் என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார். முகப்பின் உச்சியில் 1.8 எம்பி எடையில் ஒரு புத்தக அலமாரிப் படம் இருந்தது. "அதைச் சுருக்கிட்டா சரியாயிடும்ல?"

எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் பிரவுசரின் நெட்வொர்க் பகுதியைத் திறந்து பார்த்தபோது ஒரு கணக்கு இடித்தது. படம் இறங்கி முடிந்தது 7.4 விநாடியில். வெள்ளைத் திரை விலகி பக்கம் கண்ணுக்குத் தெரிந்தது 3.7 விநாடியில். ஏழாவது விநாடியில் வந்து சேர்கிற ஒன்று, அதற்கு முன்பே நடந்துவிட்ட ஒன்றை எப்படித் தடுத்திருக்க முடியும்?

கணினியில் குரோம் பிரவுசரில் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் F12 விசையை அழுத்தினால் பக்கவாட்டிலோ கீழேயோ ஒரு பலகை திறக்கும். அதில் Network என்ற தாவலைத் திறந்துவைத்து பக்கத்தை மறுபடி ஏற்ற வேண்டும். பக்கம் கேட்டு வாங்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி விழும். வலது ஓரத்தில் Waterfall என்ற பத்தியில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கிடைமட்டப் பட்டை. இடது நுனி அந்தக் கோப்பைக் கேட்ட நேரம், வலது நுனி அது வந்து முடிந்த நேரம். பட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வலப்பக்கம் சரிந்து இறங்குவதால் அருவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கென்னவோ அருவியைவிட மாடிப்படிதான் நினைவுக்கு வரும். அந்தப் படிக்கட்டு வடிவத்துக்கு ஒரு பொருளும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் படத்தில் இரண்டு செங்குத்துக் கோடுகள் இருக்கும், நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. புதிதாகப் பார்ப்பவர்கள் அதில் ஏதோ ஒன்றுதான் பக்கம் தெரிந்த நேரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் அல்ல. நீலம், எச்டிஎம்எல் முழுவதையும் பிரவுசர் வாசித்து முடித்த நேரம். சிவப்பு, படங்கள் உட்பட எல்லாம் இறங்கிய நேரம். திரையில் முதல் வண்ணம் விழுந்த நேரம் இந்தப் பத்தியில் கோடாக வராது. அதைத் தெரிந்துகொள்ள Console தாவலில் இந்த ஒரு வரியை இட்டால் போதும்:

```js
performance.getEntriesByType('paint')
```

பதிலில் `first-paint`, `first-contentful-paint` என்று இரண்டு பதிவுகள் வரும். முன்னது திரையில் ஏதாவது ஒன்று, பின்னணி வண்ணமாவது, தீட்டப்பட்ட நேரம். பின்னது எழுத்தோ படமோ தெரிந்த நேரம். `startTime` என்ற இடத்தில் இருக்கும் எண் மில்லி விநாடியில் இருக்கும். நண்பரின் பக்கத்தில் இரண்டுமே 3700ஐ ஒட்டி இருந்தன.

எண்ணை விடக் கண்ணால் பார்ப்பது எளிது என்றால், Network பலகையின் மூலையில் இருக்கும் பல்சக்கர அடையாளத்தைத் தட்டி Screenshots என்பதைத் தேர்ந்துவிட்டு மறுபடி ஏற்றலாம். பக்கம் வளர வளர எடுத்த குட்டிப் படங்கள் வரிசையாக மேலே வரும். வெள்ளை, வெள்ளை, வெள்ளை, பிறகு பக்கம். வெள்ளையல்லாத முதல் படத்தைத் தட்டினால், அதற்குப் பிறகு கேட்கப்பட்ட கோப்புகளின் வரிகள் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். சந்தேகப்பட வேண்டியவர்கள் மட்டும் அறையில் மிஞ்சுவார்கள். 2008இல் பேட்ரிக் மீனன் ஏஓஎல் நிறுவனத்தில் இருந்தபோது பொதுவெளிக்குக் கொண்டுவந்த WebPageTest என்ற கருவி இதையே இன்னும் தெளிவாகக் காட்டும். முதல் வண்ணம் விழும் இடத்தில் அருவிக்குக் குறுக்கே பச்சைக் கோடு ஒன்றைப் போட்டுவிடும். அந்தக் கோட்டுக்கு வலப்பக்கம் முடிகிற எதையும் இந்த விசாரணையில் மறந்துவிடலாம். நண்பரின் அலமாரிப் படம் அப்படித்தான் விடுதலையானது.

கோட்டுக்கு இடப்பக்கம் முடிந்த எல்லாமும் குற்றவாளி ஆகிவிடாது. பந்தியில் இலை போட்டாயிற்று, ஆட்கள் உட்கார்ந்தாயிற்று. பாயசம் தாமதமானால் யாரும் கை கட்டி உட்கார்ந்திருப்பதில்லை. சாதம் வராவிட்டால்தான் பந்தி நிற்கும். பக்கத்துக்கு படங்கள் பாயசம் போல. அவை வராவிட்டாலும் பிரவுசர் இடம் விட்டுவிட்டு மற்றதை வரைந்துவிடும். சாதம் எது என்றால், முதலில் எச்டிஎம்எல், அடுத்து சிஎஸ்எஸ் எனப்படும் ஒப்பனைக் கோப்புகள். எழுத்து எவ்வளவு பெரிது, எந்த வண்ணம், எந்தப் பத்தி எங்கே என்பதெல்லாம் சிஎஸ்எஸ்ஸில்தான் இருக்கிறது. அது வரும் முன் வரைந்தால் பக்கம் முதலில் அலங்கோலமாகத் தெரிந்து, பிறகு துள்ளி வேறு வடிவத்துக்கு மாறும். அந்த அசிங்கத்தைத் தவிர்க்கத்தான் பிரவுசர் பிடிவாதமாக வெள்ளைத் திரையைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தின் தலைப்பகுதியில் async, defer என்ற சொற்கள் இல்லாமல் செருகப்பட்ட ஜாவாஸ்கிரிப்ட் கோப்பும் இதே மாதிரி வழிமறிக்கும். அது வந்து ஓடி முடியும்வரை அதற்குக் கீழே உள்ள எச்டிஎம்எல்லை பிரவுசர் வாசிக்காது.

ஆக, தேட வேண்டியது நீளமான பட்டையை அல்ல. வழிமறிக்கும் உரிமை உள்ள கோப்புகளில், முதல் வண்ணத்துக்குச் சற்று முன்பாக, கடைசியாக முடிகிற பட்டையை.

நண்பரின் பக்கத்தை அவருடைய கைபேசியிலேயே அளந்தேன். யுஎஸ்பி கம்பியால் அதை மடிக்கணினியோடு இணைத்து, மடிக்கணினி குரோமில் chrome://inspect என்று தட்டினால் கைபேசியில் ஓடும் பக்கத்தின் அருவியை இங்கே பார்க்கலாம். மடிக்கணினியிலேயே Slow 4G என்ற செயற்கை வேகக்குறைப்பைத் தேர்ந்து அளந்திருக்கலாமே என்று கேட்கலாம். அதில் ஒரு குறை உண்டு. அந்த வசதி ஒவ்வொரு கோரிக்கைக்கும் மொத்தமாக ஒரு தாமதத்தைச் சேர்க்கிறதே தவிர, சர்வரோடு இணைப்பு ஏற்படுத்தும் படிகளை மெதுவாக்குவதில்லை. இந்த வழக்கில் அந்தப் படிகளும் சாட்சி. அளப்பதற்கு முன் Disable cache என்பதை மறக்காமல் தேர்ந்தேன். இல்லாவிட்டால் கோப்புகள் ஏற்கெனவே சேமித்த இடத்திலிருந்தே வந்துவிடும்; புதிதாக வரும் வாடிக்கையாளர் படும் பாடு தெரியாது. ஐந்து முறை ஏற்றிப் பார்த்தேன். முதல் வண்ணம் 3.4இலிருந்து 4.3 விநாடிவரை மாறி மாறி விழுந்தது. நடுவில் இருந்த 3.7ஐ எடுத்துக்கொண்டேன். கைபேசிச் சிக்னலை நம்பி ஒரே ஒரு முறை அளந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வது ஆபத்து.

முதல் வரி எச்டிஎம்எல். 0.9 விநாடியில் முடிந்தது. பட்டையின் மேல் சுட்டியை நிறுத்தினால் உள்ளே இருக்கும் துண்டுகள் பிரிந்து தெரியும். DNS Lookup 100 மில்லி விநாடி, அதாவது தளத்தின் பெயரைக் கொடுத்து எண் முகவரியை விசாரித்த நேரம். Initial connection 300, சர்வரோடு கை குலுக்கி, பூட்டிய பாதை அமைத்துக்கொண்ட நேரம். Waiting for server response 450, கேட்டுவிட்டு முதல் பைட்டுக்காகக் காத்திருந்த நேரம். Content Download வெறும் 50.

இரண்டாவது `style.css`. அதே சர்வர், அதே இணைப்பு என்பதால் பெயர் விசாரிப்பும் கைகுலுக்கலும் இல்லை. 0.9இல் தொடங்கி 1.3இல் முடிந்துவிட்டது. மூன்றாவது ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு. அதில் defer இருந்தது. எனவே வழிமறிக்க அதற்கு உரிமை இல்லை. நான்காவது அந்த அலமாரிப் படம், 0.9 முதல் 7.4 வரை நீண்டு படுத்திருந்தது.

ஐந்தாவது வரியைத் தாண்டிப் போயிருப்பேன். எடை 2 கேபி. எடை வாரியாக அடுக்கியிருந்தால் அது பட்டியலின் அடியில் கிடந்திருக்கும். வேறொரு தளத்திலிருந்து, அழகான தமிழ் எழுத்துருக்களைத் தரும் தளமொன்றிலிருந்து, வரும் சிஎஸ்எஸ் கோப்பு. எழுத்துருவே அல்ல, எழுத்துரு எங்கே கிடைக்கும் என்று சொல்லும் துண்டுச்சீட்டு மட்டும். அதன் பட்டை 1.3இல் தொடங்கி 3.5இல் முடிந்தது. உள்ளே பிரித்துப் பார்த்தால் பெயர் விசாரிக்க 250, இணைப்புக்கு 450, காத்திருப்பு 1500. இறங்கிய நேரம் கண்ணுக்கே தெரியாத கீற்று. இரண்டு விநாடிக்கு மேல் செலவழித்தது சரக்கைச் சுமக்க அல்ல, வாசலில் நின்று கதவு தட்ட.

இந்த வரி ஏன் 1.3இல் தொடங்கியது என்பதுதான் எனக்குச் சுவையான இடம். `style.css` முடிந்த அதே புள்ளி. மற்ற கோப்புகள் எல்லாம் 0.9இல், எச்டிஎம்எல் வந்தவுடன் ஒரே நேரத்தில் கிளம்பின. இது மட்டும் ஒரு படி தள்ளிக் கிளம்பியிருக்கிறது. ஒரு பட்டையின் வால் முடிகிற இடத்தில் இன்னொன்றின் தலை தொடங்கினால், முன்னது வந்த பிறகுதான் பின்னது இருப்பதே பிரவுசருக்குத் தெரிந்தது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். முன்பு சொன்ன படிக்கட்டின் பொருள் இதுதான். உறுதிப்படுத்த Initiator என்ற பத்தியைப் பார்க்க வேண்டும். அது ஒவ்வொரு கோப்பையும் அழைத்தது யார் என்று சொல்லும். Shift விசையை அழுத்தியபடி ஒரு வரியின் மேல் சுட்டியை வைத்தால், அதை அழைத்த வரி பச்சையாகவும் அது அழைத்த வரிகள் சிவப்பாகவும் மாறும். ஐந்தாவது வரியின் மேல் வைத்தேன். `style.css` பச்சையானது. திறந்து பார்த்தால் அதன் முதல் வரி இப்படி இருந்தது:

```css
@import url("https://fonts.example/css?family=...");
```

தளத்தின் பெயரை மட்டும் இங்கே மாற்றியிருக்கிறேன். பிரவுசர் எச்டிஎம்எல்லைப் படிக்கும்போதே முன்னோக்கி ஓர் ஓட்டம் ஓடி, அதில் பெயர் சொல்லியிருக்கும் கோப்புகளையெல்லாம் சீக்கிரமே கேட்டு வைத்துவிடும். ஆனால் சிஎஸ்எஸ்ஸுக்குள் ஒளித்து வைத்த பெயர் அதற்குத் தெரியாது. சிஎஸ்எஸ் கையில் கிடைத்து, பிரித்துப் படித்த பிறகே தெரியும். அப்படி இழுத்துவரப்படும் கோப்பும் சிஎஸ்எஸ்தான் என்பதால், வழிமறிக்கும் உரிமை அதற்கும் தாய்க்கோப்பு போலவே உண்டு.

சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. குரோமில் நிரூபிக்க ஒரு நேரடி வழி இருக்கிறது. சந்தேகப்படும் வரியின் மேல் வலது சொடுக்கி Block request URL என்பதைத் தேர்ந்தால், அடுத்த முறை ஏற்றும்போது பிரவுசர் அந்தக் கோப்பை மட்டும் கேட்காது. பதிப்புக்குப் பதிப்பு அந்த வாசகம் சற்று மாறலாம். Block என்ற சொல்லைத் தேடுங்கள். முதலில் நண்பருக்காக அலமாரிப் படத்தைத் தடுத்தேன். முதல் வண்ணம் 3.7இலிருந்து 3.5க்கு நகர்ந்தது. படம் அலைவரிசையைப் பங்கு போட்டதால் ஏற்பட்ட நெருக்கடி அவ்வளவுதான். படத்தை விடுவித்து, 2 கேபி சீட்டைத் தடுத்தேன். 1.5 விநாடியில் பக்கம் வந்து நின்றது. எழுத்து மட்டும் கைபேசியின் வழக்கமான எழுத்துருவில் இருந்தது.

"இவ்வளவு சின்னதா?" என்றார் நண்பர். படத்தைச் சுருக்க ஆள் பேசி முன்பணம்கூடக் கொடுத்துவிட்டாராம்.

இனி மருத்துவம். இணையத்தில் எங்கே தேடினாலும் கிடைக்கும் அறிவுரை, @import வரியை எடுத்துவிட்டு எச்டிஎம்எல்லின் தலைப்பகுதியில் நேரடியாக link போடு, கூடவே preconnect என்று ஒரு குறிப்பும் சேர் என்பது. செய்தோம். சீட்டின் பட்டை 1.3க்குப் பதில் 0.9இல் தொடங்கியது. முடிந்தது 3.1இல். முதல் வண்ணம் 3.3. படிக்கட்டில் ஒரு படி குறைந்தது, 0.4 விநாடி லாபம், அவ்வளவே. preconnect என்பது இணைப்பை முன்கூட்டியே ஏற்படுத்தச் சொல்லும் குறிப்பு. கேட்கப்போகும் கோப்பின் பெயரே அடுத்த வரியில் இருக்கும்போது, முன்கூட்டி என்பதற்கு அங்கே இடமில்லை. பிறகு எழுத்துருக் கோப்பு வரவிருக்கும் தளத்துக்கு வேண்டுமானால் அது உதவும். அருவியைப் பிரித்துப் பார்த்தவருக்கு இது முன்பே தெரிந்திருக்கும். 2200 மில்லி விநாடியில் 1500 காத்திருப்பு. எப்போது கேட்டாலும் அந்தக் காத்திருப்பு குறையாது.

எனவே அந்தத் தளத்தின் வாசலுக்கே போகாமலிருப்பதுதான் வழி. எழுத்துருவின் உரிமம் அதை அனுமதித்தது. எழுத்துருக் கோப்புகளை நண்பரின் சர்வரிலேயே வைத்து, சீட்டில் இருந்த `@font-face` விதிகளை `style.css`இலேயே எழுதிவிட்டோம். `font-display: swap` என்ற வரியையும் விடாமல் சேர்த்தோம். அது இல்லாவிட்டால் எழுத்துரு வரும்வரை குரோம் மூன்று விநாடிவரை எழுத்தை மறைத்தே வைத்திருக்கும். பக்கம் வண்ணத்தோடு வந்துவிடும், படிக்க ஒரு சொல் இருக்காது. அப்போதுதான் `first-paint` ஒரு நேரமும் `first-contentful-paint` வேறொரு நேரமும் காட்டும். மறுபடி ஐந்து முறை அளந்தோம். நடு எண் 1.6. எழுத்துரு 2.6 விநாடி வாக்கில் வந்து சேர்ந்ததும் எழுத்துகள் லேசாக உருமாறுகின்றன. நண்பருக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் பொறுத்துக்கொள்கிறார்.

எல்லா வழக்கும் இவ்வளவு சுத்தமாக முடியாது. சில பக்கங்களில் வழிமறிக்கும் கடைசிப் பட்டை 1.2இல் முடிந்திருக்கும், பக்கம் வருவதோ 3.5இல். நடுவில் எந்தப் பட்டையும் பொருந்தாது. அப்படி ஓர் இடைவெளி இருந்தால் வழக்கு நெட்வொர்க்கின் எல்லையைத் தாண்டிவிட்டது. வந்து சேர்ந்த ஜாவாஸ்கிரிப்ட் கைபேசியின் பிராசசரைப் பிடித்து வைத்திருக்கலாம். அல்லது பக்கத்தை உருவாக்குவதே அந்த ஸ்கிரிப்டாக இருந்து, அது முடியும்வரை வரைய எதுவுமே இல்லாமல் இருக்கலாம். இன்னொரு வேடிக்கையும் கண்டிருக்கிறேன். ஒரே பக்கத்தின் இரண்டு வடிவங்களை ஒப்பிடும் சோதனைக் கருவிகளைப் பொருத்தும்போது, துள்ளல் தெரியக் கூடாதென்று பக்கம் முழுவதையும் கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிட்டு, கருவி வந்ததும் திரையை விலக்குவார்கள். கருவியின் கோப்பில் async என்று பணிவாக எழுதியிருக்கும், அருவியில் அது வழிமறிக்காதது போலவே நிற்கும், பக்கம் மட்டும் வெள்ளையாக இருக்கும். அங்கே Block சோதனைகூட ஏமாற்றும். கருவியைத் தடுத்தால் திரையை விலக்க ஆளில்லாமல், வைத்த கெடு தீரும்வரை வெள்ளை நீடிக்கும். இத்தகைய வழக்குகளுக்கு Performance தாவலுக்குப் போக வேண்டும்.

பிரவுசரில் பொருத்திய நீட்சிகளும் பட்டியலில் தங்கள் வரிகளைச் செருகிக் குழப்பும். மடிக்கணினியில் அளக்கும்போது மறைநிலைச் சாளரத்தில் அளப்பது நல்லது.

நண்பரின் பக்கத்தில் இப்போது முதல் வண்ணத்துக்கு முன் கடைசியாக முடிவது `style.css`. அதற்கு முன்னால் எச்டிஎம்எல்லின் 450 மில்லி விநாடிக் காத்திருப்பு. அது அவர் மாத வாடகைக்கு எடுத்திருக்கும் பகிர்வு சர்வரின் குணம். வேறு சர்வருக்கு மாறினால் அதிலும் குறைக்கலாம் என்றேன். வாடகையைக் கேட்டுவிட்டு "இப்போதைக்கு இது போதும்ணே" என்றார். முன்பணம் கொடுத்த ஆள் படத்தையும் சுருக்கிக் கொடுத்தார். 1.8 எம்பி 240 கேபி ஆனது. அலமாரி இப்போது மூன்றாவது விநாடிக்குள் முழுதாகத் தெரிகிறது. முதல் வண்ணம் அதே 1.6இல்தான் இருக்கிறது.